ஊசி முகாமுக்கு ஊர்க்கடிதம் எழுதுவது எப்படி?

நான் எழுதிய முதல் முகாம் கடிதத்தில் "9 மாதக் குழந்தைகளுக்கும் 3 வயதுப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போடப்படும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியால் ஏழு தாய்மாரை வெயிலில் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அதில் ஒருவர் வாய்க்கால் கரையால் இரண்டு கிலோமீற்றர் நடந்து வந்தவர். "பிள்ளைக்கு ஒம்பது நடக்குது, கடிதத்திலையும் ஒம்பது எண்டுதானே போட்டிருக்கு தம்பி?" என்று கேட்டார். பிள்ளை பிறந்து எட்டு மாதமும் பத்து நாளும்தான் ஆகியிருந்தது.

அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. நம் வன்னி ஊர்களில் வயதை "நடக்குது" என்றுதான் சொல்கிறோம். ஊசிக் கணக்கோ "முடிஞ்சுது" என்பதைப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் ஒரு மாதத்தை, 3 வயது என்றால் ஒரு வருடத்தையே, கடிதம் எழுதுகிறவர்தான் கவனிக்க வேண்டும்.

கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ புதிதாகச் செயலாளர் ஆகி, "முகாமுக்கு ஒரு கடிதம் அடியுங்கோ" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் இது உங்களுக்கானது. ஊசி போடுவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின், ஊர்ப்பேச்சில் எம்.ஓ.எச். பணிமனையின், வேலை. யார், எங்கே, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதை ஊருக்குச் சரியாகச் சொல்வது மட்டும்தான் நம்முடைய வேலை. ஒரு முகாமையே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை போவோம்.

எழுத முன்பு மிட்வைஃபிடம் போங்கள்

பேனாவை எடுக்க முன்பு பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை, ஊர்ப்பேச்சில் மிட்வைஃப் மிஸ்ஸை, போய்ச் சந்தியுங்கள். அவரிடம் அந்தப் பகுதிப் பிள்ளைகளின் பிறப்பும் ஊசியும் பதிந்த பதிவேடு இருக்கிறது. கேட்க வேண்டியவை மூன்று: எந்தெந்த ஊசி கொண்டு வருவார்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிள்ளைகள் மிச்சம், எந்த நாளுக்கு எம்.ஓ.எச். ஒப்புதல் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைக் கேட்கத் தேவையில்லை. எண்ணிக்கை போதும். எந்தப் பிள்ளை ஊசியைத் தவறவிட்டது என்பது சங்கத்து மேசையில் கிடக்க வேண்டிய காகிதம் இல்லை.

நமது உதாரண ஊரில் குளத்துக்குக் கீழே நாலு வாய்க்கால்கள், ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். முகாம் நாள் 2025 ஜூன் 14, சனிக்கிழமை. மிட்வைஃப் சொன்ன கணக்கு இப்படி: சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்கு 18 பிள்ளைகள். இதில் 9 மாதத்தில் போட வேண்டிய முதல் ஊசிக்காரரும் இருக்கிறார்கள், 3 வயதில் போட வேண்டிய இரண்டாவது ஊசிக்காரரும் இருக்கிறார்கள். தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி மூன்றுக்கும் 18 மாதத்தில் போடும் முக்கூட்டு ஊசிக்கும் போலியோச் சொட்டுக்கும் 11 பிள்ளைகள். மொத்தம் 29.

வயதைத் திகதியாக மாற்றுங்கள்

கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முகாம் நாளை எழுதி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 2025 ஜூன் 14 இலிருந்து 9 மாதம் பின்னே போனால் 2024 செப்ரெம்பர் 14. அன்றோ அதற்கு முன்போ பிறந்த பிள்ளைக்குத்தான் முகாம் நாளில் 9 மாதம் முடிந்திருக்கும். 18 மாதம் பின்னே போனால் 2023 டிசெம்பர் 14. 3 வருடம் பின்னே போனால் 2022 ஜூன் 14. கைவிரலில் எண்ணினால் வருடம் மாறும் இடத்தில் பிழைக்கும். சுவர்க் கலண்டரில் மாதத்தைப் பின்னோக்கிப் புரட்டி எண்ணுங்கள், பிறகு வேறு ஒருவரையும் எண்ணச் சொல்லுங்கள்.

"9 மாதம் முடிந்த" என்று மட்டும் எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் உதவும். ஆனால் "முடிந்த" என்ற சொல்லை வேகமாக வாசிக்கிறவர் விட்டுவிட்டுப் போவார். பிறந்த திகதியை யாரும் விடுவதில்லை. ஒவ்வொரு தாய்க்கும் அது மனப்பாடம். கடிதத்தில் உள்ள திகதியைப் பார்த்ததும் தன் பிள்ளையின் திகதியை அதோடு ஒப்பிட்டுவிடுவார். கணக்குப் பார்க்கும் வேலையை அவரிடம் தள்ளாமல் நீங்களே செய்து கொடுக்கிறீர்கள்.

9 மாதத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்பார்கள். தாயிடமிருந்து கருவில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் மாதங்களில் பிள்ளையின் உடம்பில் மிச்சம் இருக்கும். அது ஊசியில் உள்ள உயிர் வைரஸையும் அடக்கிவிடும். அப்போது ஊசி போட்டும் பலன் குறையும். சின்னமுத்து பரவும் காலத்தில் சுகாதார அமைச்சு அதற்கு முன்னரே போடச் சொல்வதும் உண்டு, ஆனால் அது அவர்கள் எடுக்கும் முடிவு. கடிதம் எழுதுகிறவர் "எட்டரை மாதம்தானே, பரவாயில்லை" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

இதன் மறுபக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "9 மாதக் குழந்தைகள்" என்று வாசித்த ஒரு தாய், தன் பிள்ளைக்குப் பதினாலு மாதம், ஆகவே இந்த முகாம் எங்களுக்கில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். முகாமே அப்படிப் பிந்திய பிள்ளைகளுக்காகத்தான் வைக்கப்படுகிறது! அதனால் "இந்தத் திகதியிலோ அதற்கு முன்போ பிறந்து, இன்னும் இந்த ஊசி போடாத பிள்ளைகள்" என்று எழுத வேண்டும். "அதற்கு முன்போ", "இன்னும் போடாத" என்ற இரண்டும் இல்லாமல் அந்த வரியை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

நேரத்தைக் குப்பி சொல்லும்

எம்.எம்.ஆர். மருந்து தூளாக வரும். அதோடு வரும் திரவத்தை விட்டுக் கரைத்துத்தான் போடுவார்கள். கரைத்த பிறகு அதிகபட்சம் 6 மணித்தியாலம்தான் அதன் ஆயுள், அதுவும் குளிரிலும் வெளிச்சம் படாமலும் வைத்திருந்தால். அதற்குப் பிறகு மிஞ்சியதை வீசிவிட வேண்டும். கரைத்த மருந்தில் கிருமி வளரத் தொடங்கினால் பிள்ளைக்கே ஆபத்து.

முன்பு ஒரு கூட்டத்தில், வயலுக்குப் போகிறவர்களுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று காலை 8 முதல் 10 வரையும் பின்னேரம் 4 முதல் 6 வரையும் முகாம் வைக்கலாம் என்று சொன்னார்கள். கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் காலை 8 மணிக்குக் கரைத்த குப்பியின் ஆயுள் பின்னேரம் 2 மணிக்கு முடிந்துவிடும். 4 மணிக்கு வருகிறவருக்கு வேறு குப்பி கரைக்க வேண்டும். குப்பி பத்துப் பேருக்கானது, பின்னேரம் வந்தது மூன்று பேர் என்றால் ஏழு பிள்ளைகளின் மருந்து குப்பைக்குப் போகும். எங்களது 18 பிள்ளைகளை ஒரே காலையில் வரவைத்தால் இரண்டு குப்பி போதும். மூன்று நாளாகப் பிரித்து ஆறு ஆறு பேராக வரவைத்தால் மூன்று குப்பி உடைத்து, 12 பேருக்கான மருந்தை வீச வேண்டி வரும். அதனால் ஒரே தொடர்ச்சியான நேரம் கேளுங்கள். காலை நேரம் நல்லது. மருந்து குளிர்ப்பெட்டியில், 2 இலிருந்து 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வன்னி வெயிலில் அந்தப் பெட்டியை மத்தியானத்துக்கு மேல் அடிக்கடி திறந்து மூட எந்த மிட்வைஃபும் விரும்பமாட்டார்.

முகாம் எவ்வளவு நேரம் என்பது சின்னக் கணக்கு. நிறை பார்த்து, கிளினிக் கொப்பியைப் பார்த்து, ஊசி போட்டு, பதிவு எழுத ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும் என்பது என் அனுபவம். 29 பிள்ளைகளுக்கு 145 நிமிடம். 9 மணிக்குத் தொடங்கினால் 11.25 ஆகும். ஊசி போட்ட பிறகு குறைந்தது 20 நிமிடமாவது ஒவ்வொரு பிள்ளையும் அங்கேயே இருக்க வேண்டும். அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே தெரியும், அதற்கு மருந்து கையில் இருப்பவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆகவே முகாம் 12 மணி வரை என்றாலும் "11.30 க்கு முன்பு வந்து சேருங்கள்" என்றுதான் எழுத வேண்டும். "9 முதல் 12 வரை" என்று எழுதினால் 11.55 க்கு ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்குவார். கடிதத்தின்படி அவர் பிந்தவில்லை. பிறகு யார் பிழை என்று வாசலில் நின்று வாதாட வேண்டியதுதான்.

வயதுப்படி நேரம் பிரிக்க வேண்டாம்

புதியவர்கள் எல்லாரும் விடும் பிழை இது. 9 மணிக்கு 9 மாதக்காரர், 10 மணிக்கு 18 மாதக்காரர், 11 மணிக்கு 3 வயதுக்காரர் என்று பிரித்து எழுதினால் காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பத்து மாதக் கைக்குழந்தையும் மூன்று வயதுப் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால் தாய் என்ன செய்வார்? 9 மணிக்கு வந்து 11 மணி வரை இரண்டையும் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும், இல்லை ஒன்றை விட்டுவிட வேண்டும். விட்டுவிடுவதுதான் வழமை.

வயது, யார் வரவேண்டும் என்பதைச் சொல்லட்டும். எத்தனை மணிக்கு என்பதை வாய்க்கால் சொல்லட்டும். ஒரு வாய்க்காலில் இருப்பவர்கள் சேர்ந்து வருவார்கள், ஒரு ஓட்டோவை நாலு பேர் பிடிப்பார்கள், ஒருவர் மறந்தால் மற்றவர் வேலிக்கு மேலால் கூப்பிடுவார். தூரத்து வாய்க்காலுக்குப் பிந்திய நேரம் கொடுங்கள். 9 மாதக்காரருக்கும் 3 வயதுக்காரருக்கும் ஒரே எம்.எம்.ஆர். குப்பிதான், ஆகவே வயது கலந்து வருவதால் மருந்து வீணாகாது.

கடிதம்

எல்லாம் சேர்ந்தால் இப்படி வரும்:

> எங்கள் ஊர்த் தடுப்பூசி முகாம்
>
> 14.06.2025 சனிக்கிழமை, காலை 9.00 மணி, பொதுநோக்கு மண்டபம் (முன்பள்ளிக்குப் பக்கத்தில்)
>
> அன்புள்ள பெற்றோருக்கு,
>
> சுகாதார வைத்திய அதிகாரியின் ஒப்புதலோடு இந்த முகாம் நடைபெறுகிறது. ஊசி இலவசம். கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்.
>
> 14.09.2024 அன்றோ அதற்கு முன்போ பிறந்து, சின்னமுத்து ஊசி (எம்.எம்.ஆர்.) ஒருமுறையும் போடாத பிள்ளைகள்.
>
> 14.12.2023 அன்றோ அதற்கு முன்போ பிறந்து, 18 மாத ஊசியும் போலியோச் சொட்டும் இன்னும் பெறாத பிள்ளைகள்.
>
> 14.06.2022 அன்றோ அதற்கு முன்போ பிறந்து, சின்னமுத்து ஊசி இரண்டாவது முறை போடாத, இன்னும் பாடசாலை சேராத பிள்ளைகள்.
>
> எவ்வளவு பிந்தியிருந்தாலும் வாருங்கள். ஏன் பிந்தியது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.
>
> வர வேண்டிய நேரம்: 1ஆம் வாய்க்கால் 9.00 மணி. 2ஆம் வாய்க்கால் 9.30 மணி. 3ஆம் வாய்க்கால் 10.15 மணி. 4ஆம் வாய்க்கால் 10.45 மணி. உங்கள் நேரம் தவறினாலும் 11.30 க்கு முன்பு வந்து சேருங்கள். ஊசி போட்ட பிறகு 20 நிமிடம் மண்டபத்தில் இருக்க வேண்டும்.
>
> பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். கொப்பி தொலைந்திருந்தாலும், வேறு ஊரில் பதிவு இருந்தாலும் வாருங்கள்.
>
> தடிமன், இலேசான இருமல் என்றால் கூட்டி வரலாம். கடும் காய்ச்சல் இருந்தாலோ, முன்பு ஊசிக்குப் பிறகு வலிப்போ கடும் ஒவ்வாமையோ வந்திருந்தாலோ, கடந்த 4 கிழமைக்குள் வேறு ஏதாவது ஊசி போட்டிருந்தாலோ, ஊசிக்கு முன்பு மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.
>
> 2, 4, 6 மாத ஊசிகளும் 12 மாத மூளைக்காய்ச்சல் ஊசியும் இந்த முகாமில் இல்லை. அவை வழமையான கிளினிக்கில் போடப்படும்.
>
> ஒழுங்கமைப்பாளர், கிராம அபிவிருத்திச் சங்கம்
> தொலைபேசி: ....................

சில வரிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். "4 கிழமைக்குள் வேறு ஊசி" என்ற வரி பலருக்கு விளங்காது. எம்.எம்.ஆர். உயிர் வைரஸ் ஊசி, நம் நாட்டில் 12 மாதத்தில் போடும் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் அப்படித்தான். இரண்டையும் ஒரே நாளில் போடலாம். அப்படிப் போடாவிட்டால் இடையில் 4 கிழமை இருக்க வேண்டும். மே 24 ஆம் திகதி கிளினிக்கில் மூளைக்காய்ச்சல் ஊசி போட்ட பதின்மூன்று மாதப் பிள்ளை, எம்.எம்.ஆர். பிந்தியது என்று ஜூன் 14 முகாமுக்கு வந்தால் மூன்று கிழமைதான் ஆகியிருக்கும். ஜூன் 21 வரை பொறுக்க வேண்டும். இதைக் கடிதத்தில் விளக்கப் போனால் அரைப்பக்கம் போய்விடும். "மிட்வைஃபிடம் சொல்லுங்கள்" என்பதே போதும், மிச்சத்தை அவர் கொப்பியைப் பார்த்துத் தீர்மானிப்பார்.

கொப்பி பற்றிய வரியைச் சிலர் "கொப்பி கட்டாயம்" என்று எழுதுகிறார்கள். நான் ஒருபோதும் எழுதமாட்டேன். 2009 இல் எத்தனை வீடுகளில் உடுத்த உடுப்போடு மட்டும் வெளியேறினார்கள் என்பது இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது தாய்மாராக இருப்பவர்களில் பலர் அன்று சிறுவர்களாக அந்த வழியால் வந்தவர்கள். காகிதம் இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வெள்ளத்தில் நனைந்து போன கொப்பியும் உண்டு, தொழிலுக்காக வாடியில் தங்கியிருக்கும் குடும்பத்தின் கொப்பி வேறு மாவட்டத்திலும் இருக்கும். முன்பு ஊசி போட்ட பகுதியின் மிட்வைஃபிடம் பதிவு இருக்கும், தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். "கட்டாயம்" என்ற ஒரு சொல் அந்தப் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவிடும்.

ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வருமா, எந்தப் பாணி கொடுப்பது என்பதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். அது 20 நிமிடம் காத்திருக்கும்போது மிட்வைஃப் வாயால் சொல்ல வேண்டியது. நாம் எழுதப் போய் அளவில் பிழைவிட்டால், பிறகு கடிதத்தைக் காட்டிப் பிள்ளைக்கு மருந்து கொடுப்பார்கள்.

ஊருக்குக் கொடுக்க முன்பும் பின்பும்

எழுதியதை முதலில் மிட்வைஃபுக்கும் எம்.ஓ.எச். பணிமனைக்கும் காட்டுங்கள். அவர்கள் திகதியைத் திருத்தினால் அவர்கள் சொன்னதுதான் சரி. பிறகு பிள்ளை வைத்திருக்கும் ஒரு தாயிடம் கொடுத்து, "அக்கா, உங்கட பிள்ளை வரவேணுமா, எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், பிழை கடிதத்தில்தான். நான் ஒருமுறை கேட்டபோது, "திகதி விளங்குது, ஆனா சின்னமுத்து ஊசி எது, முக்கூட்டு எது எண்டு எனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டார். அதனால்தான் மேலே உள்ள கடிதத்தில் "முக்கூட்டு" என்ற சொல்லை விட்டு "18 மாத ஊசி" என்று போட்டிருக்கிறேன். கொப்பியிலும் அந்த வரிசையில் வயதுதான் இருக்கும்.

முகாமுக்குப் பத்து நாள் முன்பு வீடுகளுக்குக் கடிதம் போகட்டும். அதற்கு முன்பே கொடுத்தால் மறந்துவிடுவார்கள். கடைச் சுவரிலும் முன்பள்ளி வாசலிலும் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் போடும் படத்தில் நாளும் இடமும் மூன்று பிறந்த திகதிகளும் பெரிதாகத் தெரிய வேண்டும். ஒருவர் அந்தப் படத்தை வெட்டி, மேல் பாதியை மட்டும் அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தே எழுதுங்கள். நாள், நேரம், இடம் தலைப்பிலேயே இருப்பது அதற்காகத்தான். முதல் நாள் பின்னேரம் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லும்போது முழுக் கடிதத்தையும் வாசிக்க வேண்டாம். நாளையும் இடத்தையும் வாய்க்கால் நேரங்களையும் சொன்னால் போதும். பிறந்த திகதி காதில் நிற்காது.

நாள் மாறினால் பழைய கடிதத்தில் திகதியை மட்டும் வெட்டித் திருத்தாதீர்கள். முகாம் ஒரு கிழமை தள்ளிப் போய் 21 ஆம் திகதி என்றானால், மூன்று பிறந்த திகதிகளும் ஏழு நாள் தள்ளிப் போகும்: 21.09.2024, 21.12.2023, 21.06.2022. முகாம் நாளை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிறந்த திகதிகளை விட்டால், இடையில் 9 மாதம் முடிந்த பிள்ளைகள் கடிதத்தில் இல்லாமல் போவார்கள். புதிதாக எழுதி, வேறு நிறக் கடதாசியில் அடியுங்கள். "மஞ்சள் கடிதத்தைப் பார்க்க வேண்டாம், பச்சைக் கடிதம்தான் சரி" என்று வாயாலும் சொல்லிவிடலாம்.

முகாம் முடிந்த அன்றே, மண்டபத்தைக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில், ஒட்டிய கடிதங்களைக் கிழித்துவிடுங்கள். ஒரு கடைச் சுவரில் நான் விட்டுவந்த கடிதத்தில் மழை பட்டு வருடம் அழிந்துபோயிருந்தது. அடுத்த வருடம் அதே திகதியில், ஒரு தாத்தா பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பூட்டிய மண்டபத்தின் வாசலில் வந்து நின்றார்.